பில்லில் இருந்த சீல்

நாங்கள் இரண்டு பேர். கந்தப்பளையில் ஒரே தோட்டம், பேராதனையில் ஒரே கலைப்பீடம். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதலாம் என்று கண்டியில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தோம். ஆளுக்கு 48,000 ரூபாய், ஒரே தடவையில் கட்ட வேண்டும். எங்கள் அம்மாமார் சீட்டை முந்தி எடுத்துத் தந்தார்கள். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த நேரம் அது. லயத்தில் காசைப் பேரில்தான் எண்ணுவார்கள். 48,000 என்றால் கிட்டத்தட்ட முப்பத்தாறு பேர், அதுவும் அரைப்பேர் விழாமல் கொழுந்து நிறை காட்டினால்.

ஐந்தாவது வகுப்பு முடிந்ததும், பிந்திப்போன பருவத்தை ஈடுகட்ட சனிக்கிழமையும் விரிவுரை என்று பீடத்தில் அறிவித்தல் போட்டார்கள். இரண்டுக்கும் போக முடியாது. வகுப்பு நடத்தியவர்கள் மேல் பிழை ஒன்றும் இல்லை, விலகியது நாங்கள்தான். அதனால்தான் காசு கேட்கவே முதலில் கூச்சமாக இருந்தது.

போன் எடுத்துச் சொன்னோம். "சரி தங்கச்சி, பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். ஒரு கிழமை போனது, பதில் இல்லை. அலுவலகத்துக்கே போனோம். அங்கிருந்த மிஸ் எங்கள் பில்லைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மையில் சீல்: 'கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது'. "இதைப் பார்த்துட்டுத்தானே கட்டினீங்க?"

பார்த்துவிட்டுக் கட்டவில்லை. கட்டிய பிறகுதான் பில்லே கைக்கு வந்தது. விசயமே இங்கேதான் இருக்கிறது என்று சட்டம் படிக்கிற ஒரு அக்கா சொன்னார். 1940இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கையும் சொன்னார். வேல்ஸில் பாரி என்ற ஊர்க் கடற்கரையில் ஒருவர் சாய்வுக் கதிரை வாடகைக்கு எடுக்கிறார். துணி கிழிந்து விழுந்து அடிபடுகிறார். விபத்துக்கு நகரசபை பொறுப்பில்லை என்று துண்டில் அச்சடித்திருந்ததாம். துண்டு என்பது காசு கட்டியதற்கு வெறும் பற்றுச்சீட்டு, பிறகு நீட்டிய தாளில் புது நிபந்தனை சேர்க்க முடியாது என்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. இங்கிலாந்துத் தீர்ப்பு இங்கே அப்படியே கட்டுப்படுத்தாது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று எங்களுக்குப் புரிந்தது: காசு கொடுக்க முன்னம் கையெழுத்து வைத்த தாள்.

சேரும்போது நிரப்பிய படிவத்தின் பிரதி கோப்புக்குள் இருந்தது. பின்பக்கத்தை அன்று நாங்கள் வாசிக்கவே இல்லை. பதிவுக் கட்டணம் 3,000, பாடக்குறிப்பு 5,000, இரண்டும் மீளாது. மிச்சம் 40,000 இருபது வகுப்புக்கு. விலகுகிறவர் எழுத்தில் 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால், அதற்குப் பிறகு நடக்க இருக்கும் வகுப்புகளின் கட்டணம் திருப்பித் தரப்படும்.

'எழுத்தில்' என்ற சொல்தான் எங்களைக் கடித்தது. போன் பேச்சு கணக்கில் வராது. நாங்கள் அலைந்த நேரத்தில் ஆறாவது வகுப்பும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் கந்தப்பளைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். அந்த 14 நாளுக்குள் இன்னும் இரண்டு வகுப்பு. ஆக எட்டு வகுப்பு போக, மிச்சம் பன்னிரண்டு. ஒரு வகுப்பு 2,000 வீதம் 24,000. ஐந்தாம் வகுப்பு முடிந்த அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் 2,000 மிஞ்சியிருக்கும். எங்களில் ஒருத்தி காய்ச்சலில் போகாத வகுப்பையும் கேட்கலாமா என்று யோசித்தோம். கேட்கவில்லை. படிவம் நடந்த வகுப்பைத்தான் சொல்கிறது, வந்த ஆளை அல்ல.

கடிதத்தில் கோபம் ஒன்றும் எழுதவில்லை. சேர்ந்த தேதி, பில் இலக்கம், நிபந்தனையின் வாசகம் அப்படியே, மேலே சொன்ன கணக்கு, வங்கிக் கணக்கு இலக்கம். அவ்வளவுதான்.

பதில் போனில் வந்தது. காசுக்குப் பதிலாக அடுத்த தொகுதியில் இடம் தருகிறார்களாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருசமும் சனிக்கிழமை யார் கையில் என்று தெரியாது, சீட்டுக் காசோ மாசா மாசம் கட்ட வேண்டும். படிவத்தில் இல்லாத மாற்று வேண்டாம் என்று மறுபடி எழுதினோம், ஒரு வரி கூட்டி: தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவோம்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேச வைப்பார்கள். ஒத்து வராவிட்டால் இணக்கமில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். இந்தியாவில் 2024 ஜனவரியில் கல்வி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டலில், முழுக் கட்டணமும் கட்டி இடையில் விலகும் மாணவருக்கு மிச்சக் காலத்துக் காசை 10 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் கையில் இருந்தது அந்தப் படிவத்தின் பின்பக்கம் மட்டும்தான்.

சபைக்குப் போக வேண்டி வரவில்லை. மூன்றாவது கிழமை ஆளுக்கு 24,000 கணக்கில் விழுந்தது. அம்மாவிடம் சொன்னபோது கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எத்தன பேரு வந்திருக்கு?" என்றார். பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு என்றோம். "மத்தப் பதினெட்டு?" என்று கேட்டார். பாடக்குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் காட்டினோம். அதைக் கையில் வாங்கி நிறை பார்ப்பது மாதிரித் தூக்கிப் பார்த்தார்.