துக்கமும் துன்பமும்

கடையத்தில், சாரல் விழும் ஆனி மாதத்து மாலையொன்றில், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மணிமேகலைப் பாடத்துக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள். ‘உலக வாழ்க்கை துன்பமயமானது என்றார் புத்தர்’ என்பது அவள் எழுதிய முதல் வரி. அதனை அவள் உரக்கப் படித்தபோது, திண்ணையிலிருந்த தாத்தா நிமிர்ந்து பார்த்தார். வண்டிச் சக்கரங்கள் செய்து முதுமை எய்திய தச்சர் அவர். அவர் மனைவி மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

“தாயி, உன் பாட்டியோடு நாற்பத்தாறு வருசம் வாழ்ந்தேன். அதுவும் துன்பம் என்றா அந்த வரி சொல்கிறது?” என்று கேட்டார்.

அவளால் விடை கூற இயலவில்லை. அவ்வரியை அடிக்கவும் மனம் வரவில்லை.

அவள் தடுமாறியதற்கு அவள் மட்டும் காரணமல்லள். பாலி மொழியின் ‘துக்க’ என்னும் சொல், பௌத்த நூல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவில் பொருள் தருவது. உணர்ச்சிகளை இன்பம், துன்பம், இரண்டுமற்றது என மூன்றாகப் பகுக்குமிடத்தில் அது நோவையும் வருத்தத்தையும் குறிக்கிறது. அங்கே ‘துன்பம்’ என்னும் மொழிபெயர்ப்பு பொருத்தமானதே. நான்கு வாய்மைகளுள் முதலாவதாக வரும்போதோ அதன் பொருள் விரிகிறது. இன்பமும் அதனுள் அடங்கிவிடுகிறது.

இந்த முரண் புத்தர் காலத்திலேயே ஒருவரை உறுத்தியது எனச் சங்யுத்த நிகாயம் கூறுகிறது. துறவி ஒருவர் புத்தரிடம் வந்து, உணர்ச்சிகள் மூன்று என்றும், உணரப்படுவன யாவும் துக்கத்தில் அடங்கும் என்றும் தாங்கள் கூறியுள்ளீர்களே, இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்று வினவினார். தோன்றிச் சேர்ந்த பொருள்கள் யாவும் நிலையாதன என்பதைக் கருதியே இரண்டாவது கூற்றைச் சொன்னதாகப் புத்தர் விடையளித்தார். இன்பம் இன்பமன்று என்று அவர் கூறவில்லை. அஃது இன்பமே, ஆனால் நிற்காது. நிற்காத ஒன்றின்மேல் முழுப் பாரத்தையும் சாய்க்க முடியாது என்னும் குறையைத்தான் அவ்விடத்தில் ‘துக்க’ சுட்டுகிறது.

மணிமேகலையும் இந்த இடத்தை அறிந்திருக்கிறது. பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்கு நால்வகை வாய்மையை உணர்த்துகிறார். முதல் வாய்மையை விரிக்குமிடத்தில் சாத்தனார் ஆளும் சொல் ‘நோய்’. அப்பட்டியலில் பிணி, மூப்பு, சாவு, அவலம் ஆகியவை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் உணர்வு, நுகர்வு என்பனவும் அவற்றோடு நிற்கின்றன. நுகர்வு என்பது அழுகையன்று. மாம்பழத்தின் சுவையும் நுகர்வுதான். ‘துன்பம்’ என்று மட்டும் படிப்பவருக்கு இவை அங்கு ஏன் வந்தன என்பது புரியாது. அதே பகுதியில் சாத்தனார் ‘துன்பம்’ என்ற சொல்லையும் ஆள்கிறார். ஒரு சொல்லே போதும் என்று அவர் கருதவில்லை போலும்.

தமிழருக்கு இன்னொரு தடையும் உண்டு. ‘துக்கம்’ நம் பேச்சில் சாவோடு ஒட்டிக்கொண்ட சொல். துக்க வீடு என்கிறோம். துக்கம் விசாரிக்கப் போகிறோம். அந்த நினைவோடு பாலிச் சொல்லை அணுகினால், உலகம் முழுவதுமே இழவு வீடாகத் தோன்றிவிடும்.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு விளக்கம் தச்சருக்கு உவப்பானது. ‘க’ என்றால் துளை. சக்கரத்தில் அச்சு நுழையும் துளையையும் அது குறிக்கும். ரிக் வேதத்தில் ‘சுக’ என்பது தேருக்கு அடைமொழியாக வருகிறது; நல்ல துளையுடையது, தடையின்றி ஓடுவது என்று அதற்குப் பொருள் கொள்வர். அவ்வாறாயின் ‘துக்க’ என்பது துளை சரியில்லாத சக்கரம். ‘தீய நிலை’ என்ற பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வந்தது என்பாரும் உளர். சொல் பிறந்த கதையைக் கொண்டு மட்டும் அதன் பொருளை முடிவு செய்தல் ஆகாது. புத்தர் அளித்த விடையே இங்கு வலுவான சான்று.

ஆயினும் அந்தத் துளையைப் பற்றி மாணவி சொன்னபோது, தாத்தா எழுந்து பின்கட்டுக்குச் சென்றார். அங்கே பழைய சக்கரம் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதன் குடத்துத் துளையில் விரலை விட்டுக் காட்டினார்.

“பாரு, ஒரு பக்கம் அகன்றிருக்கு. செய்தபோது வட்டமாகத்தான் இருந்தது. மசகு போட்டால் தேய்வது குறையும், நிற்காது. நன்றாக ஓடிய சக்கரம்தான் இப்படித் தேயும்.”

“பாட்டியோடு இருந்த நாள்கள்?”

“நன்றாக ஓடியது, தாயி” என்றார்.

அவள் திரும்பி வந்து குறிப்பேட்டில் ‘துன்பமயமானது’ என்பதை மட்டும் அடித்தாள். அதற்கு மேலே ‘துக்க’ என்று பாலிச் சொல்லையே எழுதி, பக்கத்தில் பொருள் எழுதச் சற்று இடம் விட்டாள்.