நாள் கணக்கு

என் கணவருக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்பது 2019 ஜூன் மாதம் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அவருடைய பழைய போனை மகளுக்குக் கொடுக்கலாம் என்று துடைத்து எடுத்துவைத்தபோது ஒரு பெயரும், அந்தப் பெயரோடு பல வருடக் குறுஞ்செய்திகளும் கண்ணில் பட்டன. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். அம்மாகிட்ட சொன்னேன். ஒரு பொண்ணைக் கட்டிவச்சா எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்க" என்றார்.

நான் அந்த மருந்து. மருந்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

பதினான்கு வருடமும் குறை என் உடம்பில்தான் என்று நம்பியிருந்தேன். உடல் மெலியப் பட்டினி கிடந்தேன், தைராய்டு பார்த்தேன், டாக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். இதெல்லாம் நடக்கும்போது காரணம் தெரிந்த இருவர் அதே வீட்டில் இருந்தார்கள். அவர் யார் என்பதற்காக எனக்குக் கோபமில்லை. என்னைச் சந்தேகத்தில் வாழவிட்டதற்காக இன்றும் கோபம் இருக்கிறது. வகுப்பில் பரத்தையிற் பிரிவும் ஊடலும் நடத்துகிறவள் நான். அந்தத் தலைவிக்கு ஊடுவதற்கு ஒரு வழி உண்டு, திரும்பி வரக்கூடிய தலைவன் உண்டு. எனக்குத் திரும்பி வர எவரும் இல்லை. அவர் ஒருநாளும் என்னிடம் வந்திருக்கவே இல்லை.

அந்த வாரமே அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். ஹெச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம். முடிவை வேறு யாருக்கும் சொல்லமாட்டார்கள். இல்லை என்று வந்தது. தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். போனேன், அப்போதும் இல்லை. இதை அவர்மேல் பழியாகச் சொல்லவில்லை. கணவனின் வேறு உறவு யாரோடு என்றாலும், மனைவி முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

அதன்பின் பேசாமல் இருந்தேன். "ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு உன் பொண்ணுக்கு யாரும்மா வருவாங்க?" என்று அம்மா அழுதாள். அவர் ஹாலில் படுத்தார், நானும் மகளும் உள்ளே. இரண்டரை வருடம் இப்படியே போனது. மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது மட்டும் மூச்சு விடுவேன்.

2022 ஜனவரியில் பொன்னேரியில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தேதியில தெரிஞ்சுது மேடம்?" முக்கியமான உண்மையை மறைத்து நடந்த திருமணத்தைச் செல்லாததாக்க, இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் கேட்கலாம். ஆனால் உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகு மனமொப்பிக் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்கவும் கூடாது. நான் அழுதுகொண்டிருந்த நாளிலேயே அந்தக் கதவு சாத்திவிட்டது.

இன்னொரு வழியையும் சொன்னார். 13(2) பிரிவில் மனைவிக்கு மட்டும் ஒரு காரணம் இருக்கிறது. அதில் ஆண் ஆணோடு கொள்ளும் உறவு, வன்புணர்ச்சிக்கும் விலங்கோடு புணர்வதற்கும் பக்கத்தில் ஒரே வரியில் வருகிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை விடுவித்த பிறகும், 1955ஆம் வருடச் சட்டத்தில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. வேண்டாம் என்றேன். எனக்கு நேர்ந்தது பொய். அதைச் சொல்ல அவர் உடம்பைக் குற்றமாக்கும் வரி எனக்குத் தேவைப்படவில்லை.

மிஞ்சியது 13பி, இருவரும் ஒப்பிப் பிரிவது. ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்றார். "ஒரே வீட்டுலதானே இருக்கோம்?" என்று பயந்தேன். கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் ஒரே கூரையும் பிரிவுதான் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். ஹாலில் விரித்த அந்தப் பாய் எனக்கு உதவியது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு: தீர்ப்புக்கு முன் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் மகளின் படிப்புச் செலவு, வீடு, நகை எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி மனுவோடு சேர்த்தோம். 2023 தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது.

அந்த நவம்பரில் 'காதல் தி கோர்' படத்தை மகளோடு பார்த்தேன். விவாகரத்து கேட்கும் ஓமனாவாக ஜோதிகா நடித்திருந்தார். கேட்பவள் பழிவாங்குகிறவளாக இல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. "அப்பாவையும் பாவம்னு நினைக்கலாமாம்மா?" என்றாள் மகள். நினைக்கலாம் என்றேன். என்னையும் நினைத்துக்கொள் என்றேன்.

அத்தை மட்டும் இன்றுவரை என்னிடம் எதுவும் பேசவில்லை. ஊரில் யாருக்காவது "கட்டிவச்சா சரியாயிடும்" என்று சொல்லும்போது என் முகம் அவருக்கு நினைவுக்கு வர வேண்டும்.

இதே நிலையில் என்னைத் தேடி வரும் மாணவிகளிடம் முதலில் ஆறுதல் சொல்வதில்லை. தெரிந்த தேதியை எழுதி வைக்கச் சொல்கிறேன். வருமானம் எதுவானாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போ என்கிறேன். அழுவதற்குக் காலவரம்பு இல்லை, மனுவுக்கு இருக்கிறது.