நிமிர்த்தி மாட்டிய திரை

செங்குத்தாக மாட்டிய டிவியில் எழுத்து படுத்துக் கிடந்தால் வாசல் காவலாளிகூடச் சொல்லிவிடுவார். அன்றைக்கே யாராவது வந்து சரிசெய்துவிடுவார்கள். ஓரத்தில் ஒரே ஓர் எழுத்து வெட்டுப்பட்டிருந்தால்தான் ஆபத்து. படம் நேராக நிற்கிறது, நிறம் பளிச்சென்று இருக்கிறது, அதனால் எல்லாரும் கடந்து போகிறார்கள். காணாமல் போன எழுத்தை யாரும் தேடுவதில்லை. இந்த வேலையில் தலை நரைத்த பிறகும் நான் ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் பார்ப்பது திரையின் நான்கு ஓரங்களைத்தான்.

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில் 43 அங்குல டிவி ஒன்றை நிமிர்த்தி மாட்டியிருந்தார்கள். இன்றைக்கு எந்த மருத்துவர், எந்த அறை என்று இரண்டு பத்திகளில் காட்டும் திரை அது. வலது ஓரத்தில் அறை எண். சர்க்கரை நோய் மருத்துவருக்கு நேராக 14 என்று இருக்க வேண்டும். திரையில் தெரிந்தது 1 மட்டும். நான்கு, டிவியின் விளிம்புக்கு அப்பால் போய்விட்டது. காலில் கட்டுப்போட்ட ஒரு மூதாட்டி ஒன்றாம் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். "உங்க டாக்டர் அங்க இருக்காரும்மா, இங்க ஈ.சி.ஜி. எடுக்குற இடம்" என்றார் செவிலியர். "போர்டுல ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு தாயி" என்று அந்த அம்மா சுவரைக் கை காட்டினார். அவர் சரியாகத்தான் படித்திருந்தார். கட்டுப்போட்ட காலோடு அந்த நீளமான நடையைத் திரும்ப நடந்தார். ஒரு திரையின் ஓரம் எனக்கு முக்கியமானது அதனால்தான்.

அங்கே நடந்தது என்ன என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். பழைய டிவி பழுதாகி, அதே அளவில் புதிய டிவி வாங்கி அதே சட்டத்தில் மாட்டினார்கள். பின்னால் இருந்த சிறிய விண்டோஸ் கணினி பழையதுதான். நாம் டிவியைத் திருப்பி மாட்டினாலும் தான் திரும்பியிருக்கிறோம் என்று டிவிக்குத் தெரியாது. கைபேசியில் இருப்பதுபோல் திசை அறியும் உணரி சாதாரண டிவியில் இல்லை. அதற்கு எப்போதும் அகலம் 1920, உயரம் 1080 புள்ளிகள்தான். ஆகவே படத்தை அனுப்பும் கணினிதான் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் திசையை விண்டோஸ் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கும். புதிய டிவியைக் கண்டதும் அதைப் புதிய திரையாக எடுத்துக்கொண்டு, வழக்கமான கிடைமட்டத்துக்குப் போய்விட்டது. காலையில் எல்லாம் படுத்துக் கிடந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கெட்டிக்காரர். நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், நேரம் இல்லை. பவர்பாயின்ட் ஸ்லைடில் இருந்த ஒவ்வொரு எழுத்துப் பெட்டியையும் பக்கவாட்டில் சாய்த்துவிட்டார். திரையில் எழுத்து நிமிர்ந்துவிட்டது. அதன்பிறகு தினமும் காலையில் மருத்துவர் பெயரை மாற்றும்போது அவர்தான் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது. அவசரத்தில் அவர் செய்ததைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சாய்த்தது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

சில மாதம் கழித்து வேறொரு வேலைக்காக வந்த தொழில்நுட்பத் தம்பி, டிவி நிமிர்ந்திருக்கிறது, கணினி கிடைமட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதை முறையாக மாற்றினார். அவரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் ஸ்லைடு உடனே படுத்துக்கொண்டது. திரையின் நடுவே மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஒரு பட்டையாகச் சுருங்கியும் போனது. தம்பி எதிர்த்திசையில் திருப்பினார். மறுபக்கம் பார்த்துப் படுத்தது. நான் போனபோது அவர் நாற்காலி மேல் நின்று மூன்றாவது வழி தேடிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் நிமிர்ந்த திசைகள் இரண்டு: `Portrait`, `Portrait (flipped)`. தவறு கணினியில் மட்டும் இருந்தால், இந்த இரண்டில் ஒன்றில் படம் நேராக நிற்கும், மற்றதில் தலைகீழாகத் தொங்கும். இரண்டிலும் படம் படுத்தே கிடந்தால், படத்தையே யாரோ ஏற்கெனவே திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது கணினியோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாலும் பயன் இல்லை. "தம்பி, ஸ்லைடை மூடிட்டு டெஸ்க்டாப்பைப் பாருங்க" என்றேன். கீழே பணிப்பட்டை நேராக இருந்தது, ஐகான்கள் நேராக இருந்தன. கணினி சரி; கோப்புதான் சாய்ந்திருக்கிறது. டிவியின் சொந்த மெனு மட்டும் படுத்துத் தெரியும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், பல டிவிகளில் அது அப்படித்தான் இருக்கும்.

ஒரே கோணலை இரண்டு நல்லவர்கள் இரண்டு இடத்தில் நிமிர்த்தினால் புதுக் கோணல் பிறக்கிறது. குடும்பத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன்: பையனின் படிப்பில் ஒரு சிக்கல் என்றால் அம்மா ஒரு பக்கம் பேசி வைப்பார், அது தெரியாமல் மாமா இன்னொரு பக்கம் பேசி வைப்பார், பையன் நடுவில் நிற்பான். அதனால் ஒரு திருத்தத்தைச் செய்யுமுன் "இதை யாராவது ஏற்கெனவே திருத்தியிருக்கிறார்களா?" என்று கேட்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். திரையைப் பொறுத்தவரை, கணினி ஒன்று பின்னால் இருந்தால் திருப்புவது கணினியில் மட்டும், ஒரே ஒருமுறை. கோப்பு எப்போதும் நேராகவே இருக்க வேண்டும். கணினி இல்லாமல் டிவியிலேயே பென்டிரைவ் செருகி ஓட்டும் கடைகளில், அந்த டிவியில் திருப்பும் வசதி இல்லாவிட்டால், கோப்பைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அப்போதும் நேரான மூலக்கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும்.

அங்கே நாங்கள் செய்தது இதுதான். டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கிட்டு `Display settings` திறந்து, `Display orientation` என்ற இடத்தில் நிமிர்ந்த திசையே இருப்பதை உறுதிசெய்துகொண்டோம். அங்கே திசையை மாற்றினால் `Keep changes` என்று விண்டோஸ் கேட்கும். 15 நொடிக்குள் அதை அழுத்தாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதனால் தவறான திசையைத் தொட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். திரை படுத்திருக்கும்போது மவுஸும் ஏமாற்றும். வலப்பக்கம் நகர்த்தினால் அம்பு மேலேயோ கீழேயோ போகும்.

பிறகு ஸ்லைடு. சாய்ந்த பழைய கோப்பைச் சீராக்க முயலாமல் புதிதாகத் தொடங்கினோம். பவர்பாயின்டின் வழக்கமான அகல ஸ்லைடு 13.333 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். `Slide Size` போய் அதைத் தலைகீழாக்கி, அகலம் 7.5, உயரம் 13.333 என்று கொடுத்தோம். இந்த அளவில் செய்த ஸ்லைடு நிமிர்ந்த திரையை இடைவெளி இல்லாமல் நிறைக்கும். அகலத் திரைக்குச் செய்ததை அப்படியே கொண்டுவந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். முழுப் படமும் தெரிய வேண்டும் என்றால் அது 1080 அகலம், 608 உயரமாகச் சுருங்கி, மேலும் கீழும் கருப்பு நிற்கும். திரை நிறைய வேண்டும் என்று பெரிதாக்கினால் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தெரியாது. அந்தக் கூடத்திலேயே கண் சிகிச்சை முகாம் சுவரொட்டி ஒன்று அப்படித்தான் ஓடியது. நடுவில் ஒரு கண் பெரிதாக விழித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் இருந்த தேதியும் வலப்பக்கம் இருந்த தொலைபேசி எண்ணும் இல்லை. இதற்கு எந்த அமைப்பும் மருந்தாகாது. சுவரொட்டியை நிமிர்ந்த அளவில் மறுபடி அடுக்கித்தான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அந்த 14 இன்னும் 1 ஆகவே இருந்தது. தம்பிக்கு ஆச்சரியம். திசை சரி, அளவு சரி, கணினியில் பார்த்தால் 14 முழுசாக இருக்கிறது. குற்றவாளி டிவிதான். பழைய குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரம் ஒழுங்கில்லாமல் வரும் என்பதால், படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரத்தை விளிம்புக்குள் மறைக்கும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தை இன்றைய டிவிகளும் பல இடங்களில் விடவில்லை. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த டிவியில் அது பெரும்பாலும் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். ஓரத்துக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், நிமிர்ந்த 43 அங்குல டிவியின் 53 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். ஒரு இலக்கம் ஒளிந்துகொள்ள அது போதும். டிவியின் மெனுவில் படத்தின் அளவு பகுதிக்குப் போய் `Just Scan`, `Screen Fit`, `Full Pixel` என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் பெயரில் இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், வரும் புள்ளிகள் அத்தனையும் வெட்டில்லாமல் தெரியும். கணினி செருகியிருக்கும் எச்.டி.எம்.ஐ. துளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இதை மாற்ற வேண்டும். துளைக்குத் துளை தனியாக நினைவில் வைக்கும் டிவிகள் உண்டு. மாற்றியதும் நான்கு வெளியே வந்தது.

இவ்வளவையும் ஒரே பார்வையில் சோதிக்க ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறேன். அதே நிமிர்ந்த அளவு. விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் மெல்லிய சிவப்புக் கோடு, நான்கு மூலையிலும் 1 முதல் 4 வரை எண்கள், நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மேல்நோக்கிய அம்பு. அம்பு மேலே பார்த்தால் திசை சரி. வட்டம் முட்டையாகத் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது. சிவப்புக் கோடு ஏதாவது ஒரு பக்கம் காணவில்லை என்றால் ஓரம் வெட்டுப்படுகிறது. எந்தத் திரையை யார் சரிசெய்தாலும், மருத்துவர் பெயர்ப் பட்டியலை ஓடவிடுமுன் இதை ஓடவிடுங்கள் என்று அந்தத் தம்பியிடம் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

கிளம்புமுன் இரண்டு வேலை மிச்சம். டிவியின் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டினோம்: திருப்பியது கணினியில், `Portrait`, ஸ்லைடு 7.5க்கு 13.333, எச்.டி.எம்.ஐ. ஒன்று, ஓர வெட்டு நீக்கப்பட்டது; கோப்பைத் திருப்ப வேண்டாம். அடுத்த டிவி வரும்போது விண்டோஸ் மறுபடி கிடைமட்டத்துக்குப் போகும், அன்றைக்கு நான் இருக்க மாட்டேன், அந்தப் பெண்ணும் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். கடைசியாக, கூடத்துக்கான சுவிட்சையே அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போட்டோம். மின்சாரம் போய் வந்தால் டிவியும் கணினியும் தாமாக எழுந்து, நிமிர்ந்த திசையில், சரியான துளையில், ஸ்லைடு வரை ஆள் தொடாமல் வர வேண்டும். முதல் தடவை கணினி எழவே இல்லை. மின்சாரம் திரும்பியதும் தானாக எழும் அமைப்பு அதன் பயாஸில் அணைந்திருந்தது. அதை மாற்றி மறுபடி அணைத்துப் போட்டோம். திரையில் சோதனை ஸ்லைடு முழுச் சிவப்புக் கோட்டோடு வந்தது, அதன்பிறகு அன்றைய மருத்துவர் பட்டியல் வந்தது.