அக்காவா, தங்கையா?

ஆங்கிலச் சிறுகதையைத் தமிழுக்குக் கொண்டுவருபவரை முதல் பக்கத்திலேயே வழிமறிக்கும் சொல் ஒன்று உண்டு: ‘சிஸ்டர்’. ஆங்கிலத்தில் அச்சொல் வயதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தமிழிலோ வயதைச் சொல்லாமல் அவளைக் குறிப்பிடுவதே கடினம். ‘சகோதரி’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் வீட்டுக்குள் ஒரு பெண் தன் உடன்பிறந்தவளை அப்படிச் சொன்னால், கதையில் மேடைப்பேச்சின் வாடை அடிக்கத் தொடங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றிதழ் ஒன்றுக்காக அமெரிக்கக் கதையொன்றை மொழிபெயர்த்தேன். பதினான்கு பக்கங்கள். தந்தை இறந்தபின் பூர்வீக வீட்டை, கதைசொல்லியான பெண்ணிடம் சொல்லாமலேயே அவளுடைய சிஸ்டர் விற்றுவிடுகிறாள். அவள் பேச்சில் இருந்த அதிகாரத்தைக் கண்டு, அக்கா என்றே வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்பதை எங்கும் குறித்துவைக்கவில்லை. அதுதான் பிழை. மறுநாளே அது என் அனுமானம் என்பது எனக்கே மறந்துபோய், ஆசிரியர் எழுதிய உண்மையாகிவிட்டது.

பதினோராம் பக்கத்தில் ஒரு கவுன் வந்தது. கதைசொல்லிக்குச் சிறிதாகிப்போன நீலக் கவுன், அவ்வருட ஈஸ்டருக்கு அந்த சிஸ்டருடையதாயிற்று என்று ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் இருமுறை வாசித்தபோதும் அவ்வரி என்னை நிறுத்தவில்லை. உடை மூத்தவளிடமிருந்து இளையவளுக்குத்தான் இறங்கும். அவள் தங்கை.

‘அக்கா’வைத் தேடி ‘தங்கை’ என்று மாற்றினால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அதுவரை ‘போடி’ என்றவள் இனி ‘போக்கா’ என்றாக வேண்டும். கடிந்துகொள்ளும் இடங்களில் தொனி மாறியது. அக்கா வீட்டை விற்றால் அது பொறுப்பு, அல்லது அதிகாரம். தங்கை விற்றால் துணிச்சல், அல்லது துரோகம். கதையின் மையமே ஒரு முழம் நகர்ந்துவிட்டது. பத்துப் பக்கங்களையும் மறுபடி எழுதினேன்.

இந்த அனுபவத்துக்குப் பின் எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். அடுத்த கதையின் ஆசிரியருக்கு இருபத்து மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். அந்த ‘அங்கிள்’ தாய்வழியா தந்தைவழியா? ‘பிரதர் இன் லா’ மனைவியின் உடன்பிறந்தானா, சகோதரியின் கணவனா? ‘முதல் தளம்’ என்பது தரைத்தளமா, மாடியா? பத்து நாள் கழித்து மரியாதையான, சற்றே களைத்த பதில் வந்தது. பெரும்பாலானவற்றுக்கு ஒரே விடை: நான் அதை யோசித்ததே இல்லை, உங்களுக்கு ஏற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் எழுதுபவரின் மனத்தில் அந்த மாமா தாய்வழியும் அல்ல, தந்தைவழியும் அல்ல; வெறும் அங்கிள். இல்லாத விடையை அவரிடம் கேட்டிருக்கிறேன். தளத்தைப் பற்றிய கேள்வியோ வேறு வகையில் வீண். அமெரிக்க வழக்கில் முதல் தளம் என்பது தரைத்தளமே. கதையும் அமெரிக்காவில் நடக்கிறது, சன்னலுக்கு வெளியே நிற்கும் சிறுவனின் தலையும் உள்ளிருந்து தெரிகிறது. பிரதியே சொல்லிவிட்டதை ஆசிரியரிடம் கேட்பது சோம்பல்.

கேட்டிருக்கவே வேண்டியது மைத்துனரைப் பற்றி மட்டும்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர் வருகிறார், பிரதியில் துப்பு எதுவும் இல்லை, விடை ஆசிரியருக்கு நிச்சயம் தெரியும். அதற்குத் தெளிவான பதிலும் வந்தது. மனைவியின் தம்பி. இருபத்து மூன்றில் ஒன்றாகக் கிடந்ததால் அதற்கும் பத்து நாள் காத்திருக்க நேர்ந்தது.

இப்போதெல்லாம் மொழிபெயர்க்கத் தொடங்குமுன் பென்சிலுடன் ஒருமுறை வாசித்து, உறவுச் சொற்களை மட்டும் வட்டமிட்டுக்கொள்கிறேன். ஒரே இடத்தில் வந்துபோகும் தூரத்து ‘கசின்’ என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். தவறென்றாலும் ஒரு சொல்லோடு போய்விடும். வைத்ததைப் பக்கமும் வரியுமாக ஒரு தனித்தாளில் எழுதி, கைப்பிரதியோடு இதழாசிரியருக்கு அனுப்புகிறேன். அடிக்குறிப்பாகப் போடுவதில்லை, வாசகருக்கு என் தத்தளிப்பு எதற்கு?

கணவனை மனைவி ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்பதைக் கதை முழுக்கப் பரவும் விஷயமாக இருந்தும் ஆசிரியரிடம் கேட்பதில்லை. அந்த வேறுபாடு அவர் மொழியிலேயே இல்லை. அத்தாளின் முதல் வரியாக அது மட்டும் போகிறது. சென்ற மாதம் அப்படித்தான் எழுதினேன்: “மனைவி ‘நீங்கள்’ என்றே பேசுகிறாள், ஒன்பதாம் பக்கச் சண்டையில் மட்டும் ‘நீ’. உடன்பாடில்லை என்றால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.” இதழாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். சண்டைக்குப் பின்னும் அவள் ‘நீங்கள்’ என்று திரும்புவாளா என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை.