முக்காலியின் மூன்று கால்களும் மூன்று சமன்பாடுகளும்

பி.காம் படிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு எதுக்குடான்னு கேக்காதீங்க. போன மே மாசம் எங்க ஊர் புன்னைக்காயல்ல, மாமாவோட வள்ளத்துல ஒரு பலகை விரிசல் விட்டதுக்கு நானும் ஒரு காரணம். அது ஏன் நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்காம தூக்கம் வரல. அதான் இந்தப் பதிவு.

மாமா வள்ளத்து இன்ஜினை வேலைக்குக் கழட்டணும். தாமிரபரணி கடல்ல சேர்ற ஊருங்கிறதால ஆத்தோரம்தான் வள்ளத்தைக் கரை ஏத்தியிருந்தோம். மூணு சவுக்குக் கம்பு, உச்சியைச் சேர்த்து ஒரு கயிற்றுக்கட்டு, அதுல ஒரு செயின் பிளாக். இன்ஜினும் செயின் பிளாக்கும் சேர்ந்து சுமார் 300 கிலோ. தூக்குறது வரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. தூக்கினதை மேற்கே நின்ன டிராக்டர் டிரெய்லருக்குக் கொண்டு போக, நாங்க நாலு பேர் கயிறு கட்டி இழுத்தோம். திடீர்னு கிழக்குப் பக்கத்துக் கால் மணலை விட்டு ஒரு சாண் மேல எழும்பிடுச்சு. "விடுங்கல! விடுங்கல!"ன்னு மாமா கத்தினார். விட்டோம். இன்ஜின் ஊஞ்சல் மாதிரி திரும்பிப் போய் வள்ளத்துல மோதுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, பலகைக்குத்தான் ஆச்சு.

300 கிலோவைத் தாங்கின முக்காலி, நாலு பேர் இழுப்புக்கு ஏன் சாயணும்? பாலிடெக்னிக்ல சிவில் படிக்கிற நண்பன் ஒருத்தன்கிட்ட கேட்டேன். "மச்சான், உங்க பிசினஸ் மேத்ஸ்ல வர்ற மூணு சமன்பாடுதான்டா இது"ன்னான். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

மணல்ல கால் பதிஞ்ச குழிகளை அப்பவே அளந்து வச்சிருந்தேன், கிட்டத்தட்ட முழு எண்ணாக்கித் தர்றேன். உச்சி தரையிலிருந்து 4 மீட்டர் உயரம். உச்சிக்கு நேர் கீழே தரையில ஒரு புள்ளி வச்சுக்குங்க. கிழக்குக் கால் அந்தப் புள்ளியிலிருந்து 3 மீட்டர் கிழக்கே. நடுவுல வள்ளம் இருந்ததால அவ்வளவு தள்ளி. வடக்குக் கால் 1 மீட்டர் மேற்கே, 2 மீட்டர் வடக்கே. தெற்குக் கால் 1 மீட்டர் மேற்கே, 1 மீட்டர் தெற்கே.

ஒவ்வொரு காலும் தன் நீளவாக்குலதான் தள்ளும். கயிற்றுக்கட்டு கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும்கிறதால இப்படி எடுத்துக்கலாம். அந்தத் தள்ளலை ரெண்டாப் பிரிக்கணும்: மேல் நோக்கிய பங்கு, பக்கவாட்டுப் பங்கு. மேல் நோக்கிய பங்குகளை கி, வ, தெ ன்னு வச்சுக்குவோம். கிழக்குக் கால் 4 மீட்டர் ஏறுறதுக்குள்ள 3 மீட்டர் சாயுது. அதனால அதோட பக்கவாட்டுப் பங்கு, கி-யில நாலுல மூணு. மத்ததுக்கும் இதே மாதிரிதான். எல்லாத்துலயும் 4 வகுத்தல்ல வர்றதால அது அடிபட்டுப் போயிடும். மிச்சம் இவ்வளவுதான்:

கி + வ + தெ = 300 (மேல், கீழ்)
3கி − வ − தெ = 0 (கிழக்கு, மேற்கு)
2வ − தெ = 0 (வடக்கு, தெற்கு)

முதல் ரெண்டையும் கூட்டினா 4கி = 300, அதாவது கி = 75. மிச்சம் 225. மூணாவது வரிப்படி வ = 75, தெ = 150.

காலுக்குள்ள ஓடுற உண்மையான அமுக்கம் இன்னும் கொஞ்சம் கூட. மேல் நோக்கிய பங்கைக் காலோட நீளத்தால பெருக்கி உயரத்தால வகுக்கணும். கிழக்குக் கால் நீளம் 5 மீட்டர், அதனால 75 × 5 ÷ 4, சுமார் 94 கிலோ. வடக்குக் கால் 4.58 மீட்டர், சுமார் 86 கிலோ. தெற்குக் கால் 4.24 மீட்டர், சுமார் 159 கிலோ. ஆளுக்கு நூறுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உச்சிக்குக் கிட்ட நிக்கிற கால்தான் பாதிச் சுமையைச் சுமந்துச்சு. நல்ல தடிமனான கம்பை அங்கதான் போடணும்.

ஆனா வழுக்குறது வேற கால். தரையில பக்கவாட்டுத் தள்ளலை மேலிருந்து வர்ற அமுக்கத்தால வகுத்தா, கிழக்குக் காலுக்கு 3/4 = 0.75, வடக்குக்கு 0.56, தெற்குக்கு 0.35. இது தூரத்தையும் உயரத்தையும் மட்டும் பொறுத்தது. சுமை 30 கிலோவா 300 கிலோவாங்கிறது இதுல வரவே வராது. மணலோட பிடிப்பு 0.5தான்னு வச்சுக்கிட்டா, கிழக்குக் கால் முதல்ல நழுவும், அடுத்து வடக்கு. மாமா குழி தோண்டிக் காலைப் புதைச்சு, மூணு அடியையும் சுத்திக் கயிறு கட்டினது எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. அதனாலதான் எதுவும் நழுவல.

இப்ப எங்க இழுப்புக்கு வருவோம். மேற்கே படுக்கைவாட்டுல இ கிலோ இழுத்தா, செயின் வழியா அது உச்சிக்குப் போகும். மாறுறது ரெண்டாவது வரி மட்டும்தான்:

3கி − வ − தெ = −4இ

முதல் வரியோட கூட்டினா 4கி = 300 − 4இ, அதாவது கி = 75 − இ. இதைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. 75 கிலோ இழுத்தாலே கிழக்குக் காலுக்கு வேலை இல்ல. ஆளுக்கு 20 கிலோ வச்சு நாலு பேர் இழுத்தா 80, கி = −5. கழித்தல் வந்தா என்ன அர்த்தம்? தரை அந்தக் காலைக் கீழே பிடிச்சு இழுக்கணும்னு அர்த்தம். மணல் பிடிச்சு வைக்குமா? அதான் கால் எழும்புச்சு. 75-லேயே தெற்குக் கால்ல மேல் நோக்கிய பங்கு 200, கம்புக்குள்ள சுமார் 212 கிலோ ஆயிருக்கும். நல்ல வேளை, கம்பு முறியல.

கணக்குப் போடாமலே இதைக் கண்ணால பார்க்க ஒரு வழி இருக்கு. 300-க்கு 75 இழுத்தா செயின் நாலுக்கு ஒண்ணு சாயும். அதே சாய்வுல செயினைத் தரை வரைக்கும் நீட்டினதா நினைச்சுப் பாருங்க, 1 மீட்டர் மேற்கே போய்த் தொடும். வடக்கு, தெற்குக் கால்களைச் சேர்க்கிற கோடு சரியா அங்கதான் இருக்கு. நீட்டின கோடு மூணு அடிகளோட முக்கோணத்துக்குள்ள விழுற வரைக்கும் மூணு காலும் அமுங்கும். வெளியே போச்சுன்னா எதிர்ப்பக்கக் கால் எழும்பும். எங்க இன்ஜின் உச்சியிலிருந்து 2 மீட்டர் கீழே தொங்குச்சு. அதை அரை மீட்டர் நகர்த்தினதுமே எல்லை வந்துடுச்சு. டிரெய்லர் நின்னது அதைவிட எவ்வளவோ தூரம்!

மறு வாரம் இன்ஜினைத் திரும்ப ஏத்துறப்ப இந்தத் தாளை மாமாகிட்ட காட்டினேன். மேற்கே உள்ள ரெண்டு காலையும் இன்னும் 1 மீட்டர் தள்ளி வச்சா, எழும்புற அளவு 75-லிருந்து 150 ஆகும்னு சொன்னேன். தாளை ஒரு பார்வை பார்த்தார். "இழுக்கிற பக்கம் கால் விரியணும்னு எங்கப்பா சொல்லியிருக்காருல. அன்னைக்கு அந்தப் பக்கம் வலை கிடந்துச்சு, எடுத்துப் போடச் சோம்பல்"ன்னார். அப்புறம், "தள்ளி வச்சா அந்த ரெண்டும் வழுக்குமே, அதுக்கு உன் தாளு என்ன சொல்லுது?"ன்னு கேட்டார்.

போட்டுப் பார்த்தேன். தெற்குக் காலுக்கு 0.35 இருந்தது 0.56 ஆகுது, வடக்குக்கு 0.71. "குழியும் கயிறும் வேணும் மாமா"ன்னேன்.

"அப்போ மண்வெட்டியை எடு"ன்னார்.