வால்வ் எங்கே நின்றது?

2015 டிசம்பர் மழைக்குப் பிறகு முடிச்சூர் பக்கத்தில் யாரும் பேஸ்மென்ட் பம்பை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அதனால் எங்கள் அடுக்ககத்தில் புது பம்பு ஓட்டிக் காட்டும் நாளில், ஓனர் தரப்பில் கையெழுத்துப் போட என்னை அனுப்பினார்கள். பழைய ஃபேக்டரி ஆள் என்பதால்.

கமிஷனிங் ரெக்கார்டு ஒரே பக்கம். இடப்பக்கம் ரீடிங், நடுவில் எல்லை, வலப்பக்கம் 'சரி'. தண்ணீர் நிமிடத்துக்கு 600 லிட்டர், கேட்டதும் அதுதான். கரண்ட் 10.4 ஆம்பியர், 11-ஐத் தாண்டக் கூடாது. பிரஷர் கேஜ் 3 கிலோ. பத்து நிமிட ஓட்டம். கான்ட்ராக்டர் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. நானும் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அந்த 3 கிலோதான் உறுத்தியது. ஒரு கிலோ பிரஷர் தண்ணீரைப் பத்து மீட்டர் ஏற்றும். எங்கள் சம்ப்பிலிருந்து தெரு வடிகால் வரை உயரமே ஐந்து மீட்டர். குழாய் உராய்வைச் சேர்த்தாலும் ஒரு கிலோ போதும். மீதி இரண்டு கிலோ எங்கே போகிறது?

"தம்பி, டெலிவரி வால்வ் எவ்ளோ திறந்திருக்கு?"

"ஒரு சுத்து சார். ஃபுல்லா திறந்தா ஆம்ப்ஸ் ஏறுது."

முழுக்கத் திறக்கச் சொன்னேன். எட்டுச் சுற்று. கேஜ் இறங்கியது, தண்ணீர் கொட்டியது, கரண்ட் 12.8-இல் போய் நின்றது. இந்த வகை பம்பில் எதிர்ப்பு குறைந்தால் தண்ணீர் கூடும், மோட்டார் சுமையும் கூடும். ஓவர்லோடு ரிலே உடனே விழாது, சூடேறித்தான் விழும். பத்து நிமிடச் சோதனையில் அது தெரியவே தெரியாது.

ரெக்கார்டில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. வால்வ் நிலைக்கு ஒரு கட்டம் மட்டும் இல்லை. அப்படியே விட்டால், வெள்ளத்தன்று அந்த ஒரு சுற்று இடைவெளியை ஒரு கேரி பேக் அடைத்துவிடும். வாட்ச்மேன் பதறி முழுக்கத் திறந்தால், நடு ராத்திரியில் பம்பு நின்றுபோகும்.

காரணம் எங்கள் ஆர்டரில்தான் இருந்தது. மொட்டைமாடி டேங்க் பம்புக்குப் போட்ட 30 மீட்டரையே யாரோ இதற்கும் எழுதியிருந்தார்கள். கொஞ்சம் அதிகம் என்றால் இம்பெல்லரைக் கடைந்து குறைக்கலாம். மூன்று மடங்கை அப்படிக் குறைக்க முடியாது.

"ரீடிங் எல்லாம் லிமிட்லதானே சார் இருக்கு?" என்றார் அந்தப் பையன். அவர் சொன்னதும் நியாயம்தான். குறிப்பு இடத்தில் 'வால்வ் ஒரு சுற்று மட்டும் திறந்த நிலையில். முழுத் திறப்பில் 12.8 ஆம்பியர், ஏற்கவில்லை' என்று எழுதி, அதன் கீழ் கையெழுத்திட்டேன். அவரும் போட்டார்.

விலை வித்தியாசத்தைச் சங்கம் ஏற்றது. 3 ஹெச்பி பம்பு வந்தது. வால்வ் முழுத் திறப்பு, ஒரு மணி நேர ஓட்டம், 4.3 ஆம்பியர், கேஜ் 1 கிலோ, அதே 600 லிட்டர். இந்தத் தடவை வால்வ் நிலைக்கான கட்டத்தை அந்தப் பையனே ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்.