பிலிமத்தலாவையில் ஒரு வட்டா

ராத்தாவின் கலியாணத்துக்கு வெற்றிலை வட்டா வாங்க, உம்மாவும் நானும் கண்டிக்கு அடுத்த பிலிமத்தலாவைக்குப் போனோம். வீதியோரக் கடையில் எல்லாமே பொன்னாய் மின்னின. ஒரு வட்டாவில் காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. முலாம் பூசிய இரும்பு! ஆனால் ஒட்டாததெல்லாம் உள்ளூர் வேலையுமல்ல. இறக்குமதிப் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது.

உள்வீதியில் ஒரு பட்டறை. அங்கே வட்டாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். மண் அச்சில் வார்த்ததால் அடிப்புறம் சொரசொரப்பாக, அரம் தேய்த்த கோடுகளோடு இருந்தது. இரண்டு வட்டாக்களின் விளிம்பும் ஒரே தடிப்பில்லை. இயந்திரத்தில் அழுத்திய தகடென்றால் மெல்லியதாய், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உலையருகே மெருகிடாத வட்டாவொன்று கறுத்துக் கிடந்தது. உம்மா அதைத்தான் கேட்டார். விலை கூடத்தான், பேரம் பேசவில்லை. கண்ணெதிரே மெருகிட்டுக் கொடுத்தார்கள்.